ரார், செவன்-ஜிப் கோப்பு வந்திருக்கிறது. திறக்க மென்பொருள் இல்லை: எந்த வழி தேறும்?

அலுவலகக் கணினி, விண்டோஸ் 10. எதையும் நிறுவ அட்மின் அனுமதி கிடையாது. மின்னஞ்சலில் ஒரு .rar, ஒரு .7z வந்திருக்கின்றன. இந்த நிலையில் கைக்கு எட்டும் வழிகள் மூன்று: விண்டோஸிலேயே இருக்கும் tar, பிரவுசரில் திறக்கும் தளங்கள், நிறுவாமலே ஓடும் சின்ன exe.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை. 2023 இறுதியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரே இரண்டையும் திறக்கிறது. கடவுச்சொல் போட்ட கோப்பு என்றால் மட்டும் கைவிரித்துவிடும்.

விண்டோஸ் 10-இல் 2018 முதல் tar என்ற கட்டளை கூடவே வருகிறது. டார் கோப்புகளுக்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது லிப்ஆர்க்கைவ் என்ற நூலகம். அதற்கு ரார் படிக்கத் தெரியும். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இப்படி அடியுங்கள்:

```
cd /d D:\velai
mkdir out
tar -xf padangal.rar -C out
```

out ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்க வேண்டும். Tar தானாக உருவாக்காது. கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால் சிதைந்து வரக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கட்டளையை .7z மீது ஓட்டினால் விண்டோஸ் 10-இல் பல நேரம் பிழைதான் வரும். காரணத்தை உடனே கண்டுபிடிக்கலாம்:

```
tar --version
```

வரும் வரியில் liblzma என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். செவன்-ஜிப் கோப்புகள் வழக்கமாக எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கப்படுபவை. வரியில் zlib மட்டும் இருந்தால் உங்கள் tar-க்கு அதை விரிக்கத் தெரியாது. கோப்பில் குறை இல்லை.

ஆகவே .7z-க்கு என் தேர்வு 7zr.exe. செவன்-ஜிப்பின் சொந்தத் தளமான 7-zip.org-இல் கிடைக்கும் ஒற்றைக் கோப்பு, அளவு ஒரு எம்பிக்கும் கீழே. இறக்கி அதே ஃபோல்டரில் வைத்தால் போதும்:

```
7zr x kanakku.7z -oD:\velai\out
```

-o-வுக்கும் பாதைக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. கடவுச்சொல் இருந்தால் அதுவே கேட்கும்; தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, தட்டிவிட்டு என்டர் அடியுங்கள். இது ராரைத் திறக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். கடவுச்சொல் போட்ட ராருக்கு tar உதவாது. ரார்லேப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் unrar.exe-தான் வேண்டும். அதையும் நிறுவ வேண்டியதில்லை.

துண்டு துண்டாக வரும் கோப்புகளில் இரண்டு வடிவங்களும் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. kanakku.7z.001, .002 என வருபவை ஒரே கோப்பை அப்படியே வெட்டியவை. ஒட்டினால் முழுக்கோப்பு கிடைத்துவிடும்:

```
copy /b kanakku.7z.001+kanakku.7z.002 kanakku.7z
```

ராரின் part1, part2 அப்படியல்ல. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தலைப்பு உண்டு, ஒட்டினால் பயனில்லை. எல்லாப் பாகங்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, முதல் பாகத்தை மட்டும் unrar-க்குக் கொடுத்தால் மீதியை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

இனி பிரவுசர் தளங்கள். நிறுவனக் கணினியில் வெளி exe எதையும் ஓடவிடாமல் தடுத்திருந்தால் .7z-க்கு மிஞ்சுவது இதுதான். ஆனால் இவற்றில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று கோப்பைத் தன் சர்வருக்கு ஏற்றி அங்கே விரிக்கும். மற்றது உங்கள் பிரவுசருக்குள்ளேயே விரிக்கும், கோப்பு கணினியை விட்டு வெளியே போகாது. தளம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். பக்கம் முழுதும் ஏறியதும் வைஃபையை அணைத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் திறந்தால் உள்ளேயே விரிக்கும் ரகம். திறக்காவிட்டால் அது சர்வருக்கு அனுப்பும் தளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியல், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை எதையும் அதில் போடாதீர்கள். உள்ளேயே விரிக்கும் தளத்துக்கும் எல்லை உண்டு: எல்லாமே மெமரியில் நடப்பதால், ஜிபி கணக்கில் பெரிய கோப்பு கொடுத்தால் டேப் உறைந்துவிடலாம்.

மூன்று வழியிலும் திறக்கவில்லையென்றால் கோப்பு முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். செவன்-ஜிப் தன் உள்ளடக்கப் பட்டியலைக் கோப்பின் கடைசியில் வைக்கிறது. அதனால் பாதியில் அறுந்த .7z அநேகமாகத் திறக்கவே திறக்காது. ராரில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னாலேயே அதன் விவரம் இருப்பதால், அறுந்த இடம் வரையுள்ள கோப்புகளாவது பெரும்பாலும் தேறும். அனுப்பியவரிடம் கோப்பின் அளவைப் பைட்டில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு பொருந்தியும் திறக்காவிட்டால், அதையே ஜிப்பாகச் சுருக்கி அனுப்பச் சொல்லிவிடலாம். அதைத் திறக்க விண்டோஸுக்கு எதுவும் தேவையில்லை.