அட்டவணைக் குறியைத் திருப்பிக் கூட்டுவதா, திருப்பாமல் கழிப்பதா? மின்வேதியியல் கணக்கில் K தப்பாகும் இடம்

மின்கலத்தின் திட்ட மின்னழுத்தத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வழியில், ஆக்சிஜனேற்றம் நடக்கும் அரை வினையைத் திருப்பி எழுதி, அதன் மின்னழுத்தத்தின் குறியையும் மாற்றி, இரண்டையும் கூட்டுகிறோம். இரண்டாவதில், இரண்டையும் அட்டவணையில் உள்ளபடி ஒடுக்க மின்னழுத்தங்களாகவே வைத்துக்கொண்டு, கேத்தோடு மதிப்பிலிருந்து ஆனோடு மதிப்பைக் கழிக்கிறோம். மூன்றாவது, ஒவ்வொரு அரை வினைக்கும் கிப்ஸ் ஆற்றலைக் கண்டு அவற்றைக் கூட்டுவது.

மின்னழுத்தம் மட்டும் கேட்டால் எதை எடுத்தாலும் சரிதான். டேனியல் கலத்துக்கு எப்படிப் போட்டாலும் 1.10 V வரும். ஆனால் வீட்டுப்பாடம் அதோடு நிற்பதில்லை. அடுத்த வரியிலேயே சமநிலை மாறிலியைக் கேட்கும். அங்கே நான் தயங்காமல் கழிக்கும் வழியைத்தான் சொல்வேன்.

25 °C-இல் log K = nE°/0.0592. மின்னழுத்தம் இங்கே அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. டேனியல் கலத்தில் n = 2, ஆகவே log K = 37.2, K ஏறக்குறைய 10³⁷. குறி மட்டும் மாறினால் அதுவே 10⁻³⁷. மின்னழுத்தத்தில் ஒரு சிறு கோடு, K-யில் வினையின் திசையையே புரட்டிப்போடுகிறது.

நோட்டில் அந்தப் பிழை எப்படி நுழைகிறது என்று பாருங்கள். மாணவர் முதலில் துத்தநாகத்தின் வினையைத் திருப்பி எழுதுகிறார்:

Zn → Zn²⁺ + 2e⁻, +0.76 V

நான்கு வரி கழித்து, மனப்பாடமாக இருக்கும் சூத்திரம் நினைவுக்கு வருகிறது: E°(கேத்தோடு) − E°(ஆனோடு). மேலே பார்த்தால் துத்தநாகத்துக்கு +0.76 என்று இருக்கிறது. 0.34 − 0.76 = −0.42 V. குறி ஒருமுறை திருப்பப்பட்டது. கழித்தலில் இன்னொருமுறை திரும்பிவிட்டது. இப்போது K ஏறக்குறைய 6 × 10⁻¹⁵. அதாவது, தாமிர சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகட்டைப் போட்டால் எதுவும் நடக்காது என்கிறது கணக்கு. செம்பழுப்பாகத் தாமிரம் படிவதைச் செய்முறை வகுப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு வழிகளும் தனித்தனியே சரி. ஒன்றைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குத் தாவுவதுதான் தப்பு. அட்டவணை மதிப்பைத் தொடவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால் தாவ இடமில்லை.

கூட்டும் வழியில் இன்னொரு வழுக்கலும் உண்டு. தாமிரமும் வெள்ளி அயனியும் வினைபுரியும் கணக்கில் எலக்ட்ரான்களைச் சமப்படுத்த வெள்ளியின் வினையை இரண்டால் பெருக்க வேண்டும். சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே 0.80 என்று எழுதியிருந்தால் கை தானாக அதையும் 1.60 ஆக்குகிறது. மின்னழுத்தம் ஒரு கூலோம் மின்னூட்டத்துக்கான ஆற்றல். எத்தனை மோல் வினைபுரிந்தாலும் அது மாறாது. பெருக்கம் n-இல் மட்டும்தான் சேர வேண்டும். சரியான விடை 0.80 − 0.34 = 0.46 V, n = 2, log K = 15.5. பெருக்கிவிட்டால் 1.26 V, log K = 42.6. கழிக்கும் வழியில் சமன்பாட்டைச் சமப்படுத்தும் வேலையும் மின்னழுத்தக் கணக்கும் தனித்தனி இடத்தில் இருப்பதால் இந்த ஆசை எழுவது குறைவு.

சரி, எதைக் கேத்தோடாக எடுப்பது? “மதிப்பு அதிகமானது கேத்தோடு” என்ற விதி, தானாக நடக்கும் கலத்துக்கு மட்டும் பொருந்தும். கேள்வி ஒரு குறிப்பிட்ட வினையைக் கொடுத்துவிட்டால், அந்த வினையில் ஒடுக்கம் அடைவது எதுவோ அதுதான் கேத்தோடு. நமது பாடச் சொல்லே இங்கே கொஞ்சம் குழப்பும்: ஆனோடை நேர்மின்முனை என்கிறோம், ஆனால் டேனியல் கலத்தில் ஆனோடான துத்தநாகம்தான் எதிர்க்குறி கொண்ட முனை. அதனால் பெயரில் உள்ள நேர், எதிரை விட்டுவிட்டு, ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு என்று மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

இதற்கு நல்ல சோதனை, சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம்.

AgCl + e⁻ → Ag + Cl⁻, E° = +0.222 V
Ag⁺ + e⁻ → Ag, E° = +0.799 V

கேட்கப்படும் வினை AgCl → Ag⁺ + Cl⁻. இடப்பக்கம் AgCl இருக்க வேண்டும் என்பதால் முதல் அரை வினைதான் ஒடுக்கம். வெள்ளி உலோகம் Ag⁺ ஆவது ஆக்சிஜனேற்றம். எனவே 0.222 − 0.799 = −0.577 V. n = 1, log K = −9.75, K = 1.8 × 10⁻¹⁰. இதுவே அட்டவணைகளில் காணும் மதிப்பு. பெரிய எண்ணைக் கேத்தோடாக எடுத்தவருக்கு +0.577 V-உம் 5.6 × 10⁹-உம் கிடைக்கும். அது வீழ்படிவு உண்டாகும் எதிர்வினையின் மாறிலி. கணக்கு சரி, கேள்விக்கான விடை அல்ல. சில்வர் நைட்ரேட்டில் ஒரு துளி உப்புக் கரைசல் விட்டதும் வெள்ளையாகத் திரள்கிறதே, அப்படியானால் கரைதிறன் பெருக்கம் மிகச் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். விடை எழுதும் முன் இந்த ஒரு யோசனை போதும். எதிர்க்குறி மின்னழுத்தம் வந்ததும் பயந்து குறியை அழிப்பவர்கள் நிறைய. இங்கே அந்தக் கழித்தல் குறிதான் விடை.

கூட்டும் வழியிலும் இதே −0.577 கிடைக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதால் வினையின் திசை கண்ணுக்குத் தெரியும். அது அதன் உண்மையான பலம். அந்த வழியிலேயே கை பழகி, குறி தவறாமல் போடுகிறவர் தேர்வு நெருங்கும்போது மாற்றிக்கொள்வது லாபமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. பழைய அமெரிக்க நூல்களைப் புரட்டுகிறவர் மட்டும் கவனமாக இருக்கட்டும்: அவற்றில் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தங்களே அச்சாகியிருக்கும், துத்தநாகம் +0.76 என்று. மின்முனை மின்னழுத்தம் என்றால் ஒடுக்கத்துக்குரியதே என்று ஐ.யு.பி.ஏ.சி. 1953-இல் ஸ்டாக்ஹோமில் முடிவு செய்தது.

கழிக்கும் வழி கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. Fe³⁺ + e⁻ → Fe²⁺ (+0.77 V), Fe²⁺ + 2e⁻ → Fe (−0.44 V) இரண்டையும் கொடுத்து Fe³⁺ + 3e⁻ → Fe-யின் மின்னழுத்தத்தைக் கேட்டால், கூட்டுவதும் கழிப்பதும் இரண்டுமே தப்பு. வினைகளைக் கூட்டும்போது கூடுவது ஆற்றல்தான், மின்னழுத்தம் அல்ல. முழுக் கலத்தில் இரு பக்கமும் n ஒன்றேயாகி வெட்டுப்பட்டுப் போவதால்தான் மின்னழுத்தங்களை நேரடியாகக் கழிக்க முடிகிறது. இங்கே விடையே ஓர் அரை வினை. n முறையே 1, 2, 3. எனவே கிப்ஸ் வழிக்குப் போக வேண்டும். ΔG° = −nFE° என்பதில் F-ஐ எண்ணாக மாற்றாமல் அப்படியே விட்டால் வேலை சுருங்கும்:

ΔG° = −1(0.77)F − 2(−0.44)F = +0.11F
E° = −0.11/3 ≈ −0.04 V

நேரடியாகக் கூட்டியவருக்கு +0.33 V வந்திருக்கும், குறியே மாறிப்போயிருக்கும். விடையில் எலக்ட்ரான் மிச்சமிருந்தால் கிப்ஸ், எலக்ட்ரான் முழுதும் வெட்டுப்பட்டால் கழித்தல் என்று பிரித்துக்கொண்டு, சமன்பாட்டை எழுதி முடித்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.