‘ஒரு வருடம் ஓடும்’ என்று விற்கும் சென்சார் போர்டை நம்பி வாங்காதீர்கள்

இஎஸ்பி32 சிப் உள்ள ஒரு சென்சார் போர்டை ஆன்லைனில் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோஆம்பியர், ஒரே பேட்டரியில் ஒரு வருடம்’ என்று போட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பேட்டரி காலி. வேறு பேட்டரி போட்டுப் பார்த்தேன், அதே கதைதான்.

புகார் அனுப்பினேன். “நீங்கள் அடிக்கடி எழுப்புகிறீர்கள் சார், இடைவெளியைக் கூட்டுங்கள்” என்று பதில் வந்தது. என் போர்டு மணிக்கு ஒரு முறைதான் விழிக்கிறது. அளவை எடுத்து, வைஃபையில் அனுப்பிவிட்டு 5 நொடியில் தூங்கிவிடும். அந்த 5 நொடியும் சராசரியாக 100 மில்லிஆம்பியர் இழுத்தாலும், ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் 0.14 மில்லிஆம்பியர்தான் வரும். வருடத்துக்கு 8760 மணி நேரம். 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி அவ்வளவு நாள் தாங்க வேண்டுமென்றால், சராசரி இழுப்பு 0.28-ஐத் தாண்டக்கூடாது. அதாவது தூக்கத்தில் போர்டு உண்மையிலேயே 10 மைக்ரோஆம்பியர் எடுத்திருந்தால், பேட்டரியின் சுயக்கசிவுக்குக்கூட இடம் விட்டு ஒரு வருடம் ஓடியிருக்கும்.

சரி, தூக்கத்தில் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்துவிடலாம் என்று சென்சாருக்கான புரோகிராம் வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இதை மட்டும் ஏற்றினேன்:

```
void setup() {
  esp_sleep_enable_timer_wakeup(3600ULL * 1000000ULL);
  esp_deep_sleep_start();
}
void loop() {}
```

(அந்த `ULL`-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் பெருக்கல் 32 பிட் `int`-இல் அடங்காமல் தூக்க நேரமே தப்பாகிவிடும்.)

யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, பேட்டரிக் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தேன். மீட்டர் காட்டியது 7 மில்லிஆம்பியர். விளம்பரத்தில் சொன்னதைப் போல 700 மடங்கு. 2500-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 357 மணி நேரம், அதாவது 15 நாள். இதில் இடைவெளியைக் கூட்டி என்ன பயன்? ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பினால் சராசரி 7.14-லிருந்து 7.02-க்கு இறங்கும், அவ்வளவுதான்.

அந்த 10 மைக்ரோஆம்பியர், சிப்பின் டேட்டாஷீட்டில் சிப்புக்கு மட்டும் கொடுத்திருக்கும் எண். போர்டில் சிப்பைத் தவிர வேறு பாகங்களும் இருக்கின்றன. என் போர்டில் இருந்த ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117. அது எந்தச் சுமையும் இல்லாமலே ஏறத்தாழ 5 மில்லிஆம்பியரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதோடு எப்போதும் எரியும் பவர் எல்இடி, 3.3 வோல்ட் லைனிலேயே தொங்கும் யுஎஸ்பி-சீரியல் சிப். இவை எதற்கும் `esp_deep_sleep_start()` என்றால் என்னவென்று தெரியாது. வீட்டில் ஒருவர் தூங்கினால் மற்றவர்கள் விளக்கை அணைத்துவிடுவார்களா என்ன?

அந்த ரெகுலேட்டர் பேட்டரிக்கே பொருந்தாதது. உள்ளே வரும் வோல்ட்டேஜ் வெளியே போவதைவிடச் சுமார் 1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். லித்தியம் செல் 3.7-க்கு வந்ததும் சிப்புக்கு 2.7 அளவில்தான் கிடைக்கும். சிப்புக்குக் குறைந்தது 3 வோல்ட் தேவை. வைஃபை தொடங்கும்போது சீரியலில் `Brownout detector was triggered` என்று வந்து மறுபடி மறுபடி ரீசெட் ஆகிறதென்றால், இதுவே காரணமாக இருக்கலாம்; பேட்டரியில் பாதி சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இப்படி ஆகும்.

இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். “போர்டு தூங்குகிறதே, பழுது எதுவும் இல்லை” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அந்த விளம்பரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

வாங்குமுன் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பேட்டரி முனையில் அளந்த தூக்க மின்னோட்டம் எவ்வளவு? பதிலாக டேட்டாஷீட்டை அனுப்பினால் நகர்ந்துவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கி ரெகுலேட்டரின் மேல் எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். 1117 என்று இருந்தால் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மீட்டரை மைக்ரோஆம்பியர் நிலையில் வைத்தால், போர்டு விழிக்கும் நேரத்தில் மீட்டருக்குள்ளேயே வோல்ட்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆகும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து போர்டைத் தொடங்குங்கள். தூங்கிய பின் கம்பியை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

நான் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, தனக்கென்று சுமார் 4 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் எச்டி7833-ஐ வைத்தேன். எல்இடியையும் பெயர்த்துவிட்டேன். சீரியல் சிப் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் மீட்டர் இப்போது 0.1 மில்லிஆம்பியரைச் சுற்றித்தான் நிற்கிறது. விழிப்புக்கான 0.14-ஐயும் சேர்த்தால் 0.24. வருடத்தைத் தொடும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. அதனால் இடைவெளியை இரண்டு மணி நேரமாக்கிவிட்டேன்.