ஓ.டி. 50 மணியைத் தாண்டவிடாத எக்செல் ஷீட்: இரண்டு வருட அனுபவம்

ஓசூர் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். ஒரு காலாண்டில் ஒருவருக்கு 50 மணி ஓ.டி. என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த வரம்பு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். தினம் 2 மணி வீதம் வாரம் 6 நாள் நின்றால் ஐந்தாவது வாரத்தின் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும், மீதி எட்டு வாரத்துக்கு ஒன்றும் இருக்காது.

சம்பள மென்பொருளிலேயே ஓ.டி. அறிக்கை வருமே, அப்புறம் எதற்குத் தனி ஷீட் என்று கேட்பார்கள். எங்கள் சம்பளக் கணக்கு 21ஆம் தேதியிலிருந்து அடுத்த 20 வரை ஓடுகிறது, காலாண்டோ ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகளில் தொடங்குகிறது. மூன்று சம்பள மாதத்தைக் கூட்டினால் காலாண்டுக் கணக்கு வராது. அதனால் தேதிவாரியாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி என்று பஞ்ச் பதிவை இறக்கி, மீதியை இப்படி எடுக்கிறேன்:

```
=$H$1-SUMIFS(OT!D:D,OT!A:A,A2,OT!B:B,">="&$F$1,OT!B:B,"<="&$G$1)
```

OT ஷீட்டில் A ஆளின் எண், B தேதி, D ஓ.டி. மணி. F1, G1 காலாண்டின் முதல், கடைசி நாள். H1 வரம்பு. சில மாநிலங்கள் வரம்பை உயர்த்திவிட்டதால் 50 என்று சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடாமல் தனிக் கட்டத்தில் வைத்திருக்கிறேன், உங்கள் ஊருக்கு உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதி பூஜ்யம் ஆனதும் நிறுத்தலாம் என்றால் அது வேலைக்கு ஆகாது. ஒரு டை காஸ்டிங் ஆபரேட்டருக்கு மார்ச் 10 அன்று 45 மணி ஆகியிருந்தது. மீதி 5, இன்னும் இரண்டு மாலை நிற்கலாம் என்று சூப்பர்வைசர் பெயரை எழுதிவிட்டார். 49 ஆனது. மறுநாள் அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லை, உலையை அப்படியே விட்டுவிட்டுப் போகமுடியாது, நின்றார், 51. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மீதி 4க்குக் கீழே போனால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடும், திட்டமிட்ட ஓ.டி. கிடையாது, மிச்சம் இருப்பது இப்படிப்பட்ட நாளுக்கு மட்டும்.

விடுபட்ட பஞ்ச்தான் பெரிய தொல்லை. வெளியே போகும்போது விரல் வைக்காதவரின் நேரம் திருத்தச் சீட்டு வந்த பிறகே ஏறும், ஷீட் 46 காட்டும், உண்மையில் 48 ஆகியிருக்கும். சீட்டு நிலுவையில் இருந்தால் மீதியிலிருந்து 2 மணி முன்கூட்டியே கழித்துவிடுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் மாறினால் டோக்கன் எண்ணும் மாறி, கணக்கு புதிதாகத் தொடங்கிவிடுகிறது. அதனால் A பத்தியில் டோக்கனுக்குப் பதில் பி.எஃப். யு.ஏ.என். எண்.

அதே சட்டத்தில் இருந்த நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி வரம்புகளை இது பிடிக்காது, அதற்கு வேறு பத்தி வேண்டும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதால் சிவப்பானவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இப்போது வாரம் ஒருமுறை மீதியைப் பலகையில் ஒட்டுகிறோம். பண்டிகைச் செலவு இருக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே, "சார், எனக்கு மார்ச்சுக்கு இருபது மணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.