வசூலுக்கு யாரை முதலில் கூப்பிடுவது: பில் தேதியா, டியூ தேதியா?

டாலியில் வர வேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரிக்கும்போது இரண்டு வழி உண்டு: Ageing by Bill Date, Ageing by Due Date. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து, இன்று யாருக்குப் போன் போகிறது என்பதே மாறிவிடும்.

வயர், சுவிட்ச் மொத்த வியாபாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று பாக்கிகள். ஒரு மில்லுக்கு 90 நாள் கடன். 6 லட்ச ரூபாய் பில் போட்டு 85 நாள் ஆகிறது. ஒரு சில்லறைக் கடைக்கு 30 நாள் கடன், 1.8 லட்சம், பில் போட்டு 50 நாள். ஒரு கான்ட்ராக்டருக்கு 60 நாள் கடன். 2,36,000 ரூபாய், 165 நாள்.

பில் தேதிப்படி வரிசை கான்ட்ராக்டர், மில், கடை. இதை நம்பினால் இரண்டாவது போன் மில்லுக்குப் போகும். நாம் கொடுத்த கெடுவே இன்னும் 5 நாள் இருக்கும்போது பணம் கேட்டால், ஒழுங்காகக் கட்டுகிற பார்ட்டியின் மனம்தான் கசக்கும். கடையோ ஏற்கெனவே 20 நாள் தாமதம். ஆனாலும் கடைசியில் நிற்கிறது. டியூ தேதிப்படி பார்த்தால் மில்லின் பாக்கி இன்னும் தாமதமே ஆகவில்லை, கடை இரண்டாவதாக வந்துவிடும். தினசரி போன் பட்டியலுக்கு டியூ தேதிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கான்ட்ராக்டர் விஷயத்தில் பில் தேதி சொல்வதை டியூ தேதி சொல்லாது. "105 நாள் தாமதம்" என்பதோடு அது நின்றுவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாத வாங்குபவர், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்ப வேண்டும். 18 சதவீத வரியில் அந்த பில்லில் இருக்கும் வரி 36,000 ரூபாய். இன்னும் 15 நாள்தான் இருக்கிறது. "எப்போ சார் தருவீங்க" என்று அவரிடமே திரும்பக் கேட்பதைவிட, அவருடைய கணக்காளரிடம் இந்தத் தேதியை நினைவுபடுத்துவது பலன் தரும். பிறகு பணம் கட்டினால் சலுகையை மறுபடி எடுக்கலாம் என்பதால், இந்தப் பிடி 180 நாளுக்கு முன்புதான் இறுக்கமாக இருக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரிடம் இது செல்லாது. அவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகையே கிடையாது.

ஆகவே போன் வரிசைக்கு டியூ தேதி. 150 நாள் தாண்டிய பில்களை மட்டும் வாரம் ஒருமுறை பில் தேதியில் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டு அறிக்கையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தால், லெட்ஜரில் கடன் நாள் போடவில்லை என்று அர்த்தம். அப்போது பில் தேதியையே டாலி டியூ தேதியாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வந்த பணத்தை எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் On Account என்று போட்டிருந்தால், கட்டி முடித்த பழைய பில்லும் பாக்கியாகவே நிற்கும். போனை எடுப்பதற்கு முன் அந்தப் பார்ட்டியின் On Account வரியைப் பார்த்துவிடுங்கள்.