மேல்மாடிக்கு இரண்டு கொட்டேஷன்: 9 இலட்ச வித்தியாசம் எங்கே போனது?

தெஹிவளையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி எடுக்க இரண்டு கொட்டேஷன் வந்தன. ஒன்று, தெரிந்த மேசன் பாஸ் ஒருவர் தந்த ஒற்றைத் தாள்: 900 சதுர அடி, அடிக்கு 11,000 ரூபா, ஆக 99 இலட்சம். மற்றது, ஒரு சிறிய கம்பனி தந்த பி.ஓ.கியூ. ஒவ்வொரு வேலையும் அளவு, விலையோடு பதினொரு பக்கம், மொத்தம் 1 கோடியே 8 இலட்சம். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

ஒற்றைத் தாளை வாசிப்பது சுலபம். பாஸ் நல்ல வேலைக்காரர், பேசவும் இலகுவானவர். ஆனால் அதில் “டைல்ஸ் அடிக்கு 250 ரூபா” என்று ஒரு வரி இருந்தது. “அண்ணன், ஒட்டுற கூலியும் இதுக்குள்ளயா?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, இது டைல்ஸ் வாங்க மட்டும். கூலி என்ட கணக்கில” என்றார். சரி. எத்தனை சதுர அடி டைல்ஸ்? அது தாளில் இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது இந்த இடம்தான். விலை இருந்து அளவு இல்லாவிட்டால், கூடுதல் காசு எவ்வளவு என்பதைப் பிறகு அவர்தான் சொல்வார். பி.ஓ.கியூ.வில் தரை 760 சதுர அடி, இரண்டு குளியலறைச் சுவர் 300, டைல்ஸ் விலை 450 என்று இருந்தது. நாங்கள் கடையில் பார்த்துப் பிடித்ததும் 450 ரூபா டைல்ஸ்தான். அந்த அளவை பாஸின் தாளில் போட்டுப் பார்த்தேன். அடிக்கு 200 ரூபா வித்தியாசம், 1,060 சதுர அடி, உடைசலுக்குப் பத்து வீதம்: சுமார் 2 இலட்சத்து 33 ஆயிரம்.

அடுத்து பல்கனி. 900 சதுர அடிக்குள் அது இல்லை. 80 சதுர அடியை அதே விலையில் சேர்த்தால் இன்னும் 8 இலட்சத்து 80 ஆயிரம். இப்போது பாஸின் விலை 1 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டுகிறது. பழைய கூரையைக் கழற்றி லொறியில் ஏற்றி அனுப்பும் செலவு பி.ஓ.கியூ.வில் தனி வரியாக இருந்தது. பாஸிடம் “கூரை வேலை” என்ற இரண்டே சொற்கள்.

பி.ஓ.கியூ.விலும் ஓட்டை இருந்தது. மின்சார வேலைக்கு “ப்ரொவிஷனல் சம் 6 இலட்சம்” என்று மொத்தமாகப் போட்டிருந்தார்கள். அது விலையல்ல, தற்காலிக மதிப்பு. உண்மைச் செலவுக்கு ஏற்பக் கூடும், குறையும். எத்தனை பொயின்ட், வயர் என்ன பிராண்ட், ஃபேனும் லைட்டும் யார் வாங்குவது என்று எழுத்தில் கேட்டேன். 62 பொயின்ட், ஃபேனும் லைட்டும் எங்கள் செலவு என்று பதில் வந்தது. வாட் வரி சேர்த்தா என்பதையும், தண்ணீர் டாங்கியை மேலே ஏற்றி மாட்டும் கூலியையும் இருவரிடமும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

நான் கட்டியது மேல்மாடி மட்டும். அத்திவாரம் தோண்டும் வேலையில் மண்ணைப் பொறுத்து அளவே மாறிவிடும், அங்கே பி.ஓ.கியூ. தொகையும் அப்படியே நிற்காது. அப்போதும் கூடிய அளவை டேப் போட்டுப் பார்த்து, எழுதிய விலையால் பெருக்கித்தான் காசு கொடுப்பீர்கள்.