உப்புத் தண்ணீரில் ஃபிளஷ் டேங்க்: ஃபிளாப்பரும் ஃபில் வால்வும் மாற்றிய பிறகு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபிளஷ் டேங்கின் உட்பாகங்களை மாற்றி இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. யாரும் தொடாமலேயே அடிக்கடி தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்த தொல்லை தீர்ந்தது. ஆனால் அதைத் தீர்த்தது டேங்கின் அடித் துளையை மூடும் மூடியான ஃபிளாப்பரைப் புதிதாகப் போட்டது மட்டும் அல்ல.

கடைக்குப் போகும் முன் பழுது எங்கே என்று பார்த்துவிட வேண்டும். டேங்க் நிரம்பியதும் அதற்குத் தண்ணீர் வரும் குழாயிலுள்ள ஆங்கிள் வால்வை மூடி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் அடியிலுள்ள ஃபிளாப்பர் வழியே ஒழுகுகிறது. இறங்காமல் நின்று, வால்வைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிந்தால், கோளாறு மிதவையிலோ டேங்குக்குள் தண்ணீர் விடும் ஃபில் வால்விலோ இருக்கிறது.

எங்களுக்கு மட்டம் இறங்கியது. பழைய ஃபிளாப்பரைத் தொட்டதும் ரப்பர் கறுப்பாக விரலில் ஒட்டியது. அதே அளவில் சிலிகான் ஃபிளாப்பர் வாங்கிப் போட்டும் கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஃபிளாப்பர் உட்காரும் வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டியபோதுதான் காரணம் தெரிந்தது: ஓரிடத்தில் உப்பு படிந்து மணல் போல நெருடியது. எங்கள் போர் தண்ணீர் அப்படிப்பட்டது. டேங்கை வடியவிட்டு, வினிகரில் நனைத்த துணியை அந்த வளையத்தின் மேல் அரை மணி நேரம் வைத்து, பிளாஸ்டிக் நாரால் தேய்த்தேன். கத்தியால் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் அதன் வழியே என்றென்றும் கசியும். சங்கிலியை ஒரு சென்டிமீட்டர் தளர்வாக மாட்டினேன். இழுத்துக் கட்டினால் ஃபிளாப்பர் முழுதாக உட்காராது.

சில மாதங்கள் கழித்து வேறு விதமான சத்தம், இடைவிடாத மெல்லிய சீறல். மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை. அப்படியென்றால் மிதவை திருகைத் திருப்பிப் பயனில்லை. ஃபில் வால்வின் மூடியைத் திருகிக் கழற்றியபோது உள்ளே ரப்பர் வாஷரில் துருத்துகள் பதிந்து பள்ளமாகியிருந்தது. கழுவிப் போட்டதில் கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு ஃபில் வால்வையே மாற்றினோம். தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு 2.5 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி மிதவையை இறக்கி வைத்திருக்கிறேன்.

புதிய வால்வில் ஒரே குறை, நிரம்ப நேரமாகிறது. எங்கள் தண்ணீர்த் தொட்டி நேர் மேலே மொட்டை மாடியில் இருப்பதால் அழுத்தம் குறைவு. டேங்குக்குள் போடும் குளோரின் வில்லையை நிறுத்திவிட்டேன், அது ரப்பரை அரித்துவிடும். போர் தண்ணீரையே நம்பியிருக்கும் கோடை முடிந்ததும் வளையத்தை வினிகரால் ஒருமுறை துடைக்கிறேன். சிலிகான் இன்னும் மிருதுவாகவே இருக்கிறது.