சீனப் புத்தாண்டு அட்டையில் எந்த வரி: கோங் சி ஃபா சாயா, வான் ஷி ரூ யியா?

சிங்கப்பூரில் சின்னதாக ஒரு ஏர்கான் சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள், செப்புக்குழாயும் மற்ற சாமான்களும் குவாங்டோங் மாநிலத்து ஃபோஷானிலிருந்து வருகின்றன. அதனால் வருடா வருடம் வாழ்த்து அட்டை அடிக்காமல் முடியாது. 2026-இல் புத்தாண்டு பிப்ரவரி 17, குதிரை ஆண்டு. அட்டையின் நடுவில் பொன்னெழுத்தில் போட ஒரு சீன வரி வேண்டும். அச்சுக்கடையில் எல்லோருக்கும் காட்டும் அதே வரிகளைத்தான் எனக்கும் காட்டினார்கள்: கோங் சி ஃபா சாய், ஷெங் யி ஷிங் லோங், மா தாவ் செங் கோங், அப்புறம் ஷின் நியன் குவாய் லே, வான் ஷி ரூ யி. நான் எடுத்தது கடைசி ஜோடியை. அதைத்தான் தூக்கிப் பேசப் போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோங் சி ஃபா சாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்வம் பெருகட்டும், வாழ்த்துகள் என்று பொருள். ஹோக்கியன்காரர் ‘கியோங் ஹீ ஹுவாட் சாய்’ என்பார், கேண்டனீஸ்காரர் ‘கோங் ஹேய் ஃபாட் சோய்’ என்பார், எழுத்து ஒன்றுதான். நேரில் இரண்டு கமலா ஆரஞ்சுகளை இரு கைகளாலும் நீட்டும்போது இதைவிடப் பொருத்தமான வாழ்த்து கிடையாது. வாயால் சொல்ல இதற்கே என் ஓட்டு. அச்சில் போடும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம், காரணம் கீழே.

ஷெங் யி ஷிங் லோங் என்றால் வியாபாரம் செழிக்கட்டும். கடை வைத்திருப்பவருக்கு இதைவிட இனிக்கும் வரி இல்லை. ஜாலான் பெசார் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அங்கிளுக்கு மற்ற வரிகளெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான், இந்த ஒன்றைத்தான் நின்று படிப்பார்.

மா தாவ் செங் கோங்: குதிரை வந்து சேர்ந்ததும் வெற்றி. குதிரை ஆண்டுக்கென்றே செய்தது போல இருக்கும், படமும் அழகாக வரும். ஆனால் 2027-இல் பிப்ரவரி 6-ஆம் தேதி ஆடு வந்துவிடும், மிச்சமான அட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குத்தான் போட வேண்டும். இந்த வரிசையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விலங்கின் பெயர் வரும் சீனத் தொடர்கள் எல்லாமே மங்களமானவை அல்ல. ‘மா மா ஹூ ஹூ’ என்பதில் குதிரையும் இருக்கிறது, புலியும் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் ‘ஏதோ பரவாயில்லை’ என்பதுதான். பாம்பு ஆண்டுக்குப் பாம்பு வருகிறதே என்று ‘ஹூ தோவ் ஷே வேய்’ போட்டிருந்தால், புலித்தலையாகத் தொடங்கிப் பாம்புவாலாக முடிவது, அதாவது ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டம், முடிவில் ஒன்றுமில்லை என்று கூட்டாளிக்கு எழுதிக் கொடுத்தது போல ஆகியிருக்கும். சீனம் படிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் அதிகம் போகாமல் இருப்பதே நல்லது.

சரி, முடிவை உண்மையில் தீர்மானித்தது வரியின் அழகோ அது எவ்வளவு பிரபலம் என்பதோ அல்ல. உறையைப் பிரிப்பவர் யார் என்பதுதான். அச்சடித்த அட்டைக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அதே வரிதான் போகும், அதனால் அந்த வரி எந்தக் கதவில் தவறாக ஒலிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் கணக்குகளைப் பார்க்கும் ஆன்ட்டி தியோச்சியூக்காரர், இதில் மிகக் கறார். நானும் அவரும் வாடிக்கையாளர் பட்டியலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம்.

முதலில் தோவா பாயோவில் இருக்கும் ஒரு கிளினிக். அங்கே ‘வியாபாரம் செழிக்கட்டும்’ என்று அனுப்பினால் என்ன ஆகும்? ஊரில் நோயாளிகள் பெருகட்டும் என்று ஆகும். டாக்டர் சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் வரவேற்பு மேசையில் நோயாளிகள் பார்க்கும்படி அதை யாரும் வைக்க மாட்டார்கள். மருத்துவமனை, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அடுத்தது சின் மிங் பக்கம் இறுதிச்சடங்கு செய்து கொடுக்கும் நிறுவனம், அங்கேயும் ஏர்கான் ஓடத்தானே வேண்டும். அவர்களுக்கு ஷெங் யி ஷிங் லோங் என்பதை யோசித்துப் பார்க்கவே முடியாது. கோங் சி ஃபா சாயும் கிட்டத்தட்ட அதே சங்கடம்தான், அவர்களுக்குச் செல்வம் எந்த வழியில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, ஒரு காண்டோவின் நிர்வாக அலுவலகம். அங்கே என் பில்லைப் பார்ப்பவர் மாதச் சம்பளக்காரர், அவருக்கு ஏது வியாபாரம்? அவருக்குப் பொருந்துவது ‘பூ பூ காவ் ஷெங்’, படிப்படியாகப் பதவி உயரட்டும் என்பது. அதைக் கடை முதலாளிக்கு அனுப்பினால் அவர் எந்தப் பதவிக்கு உயர்வது? ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று அச்சடிக்க எனக்கு வசதியில்லை.

இப்படி வடிகட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது ஷின் நியன் குவாய் லே, வான் ஷி ரூ யி. புத்தாண்டு மகிழ்ச்சியாகட்டும், எல்லாக் காரியங்களும் மனம்போல் நடக்கட்டும். டாக்டருக்கு மனம்போல் நடப்பது வேறு, இரும்புக்கடைக்காரருக்கு வேறு, அதை அவரவரே நிரப்பிக்கொள்ளலாம். பணம், பதவி, விலங்கு எதுவும் இதில் இல்லாததால் மிஞ்சும் அட்டை அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

குறையும் இருக்கிறது. ஷின் நியன் குவாய் லேயை ஜனவரி 1-ஆம் தேதிக்கும் சொல்வார்கள், அதனால் வியாபாரிகளுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். இரும்புக்கடை அங்கிள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று நினைப்பார். அதற்கு நாங்கள் செய்தது, அட்டையின் அடியில் இடம் விட்டு, கடைக்காரர்களுக்குப் போவதில் மட்டும் ஆன்ட்டி பொன்மைப் பேனாவால் ஷெங் யி ஷிங் லோங் என்று கையால் எழுதினார். காண்டோ அலுவலகத்துக்குப் பூ பூ காவ் ஷெங். கையெழுத்து என்பதால் மதிப்பும் கூடியது.

இந்த வரியும் போகக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, துக்கம் நடந்த வீடு. பெற்றோர் இறந்த வருடத்தில் பல சீனக் குடும்பங்கள் புத்தாண்டு கொண்டாடுவதில்லை, பிறர் வீட்டுக்கும் போவதில்லை, சிவப்பைத் தவிர்ப்பார்கள். எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அவர்களுக்குக் ‘குவாய் லே’, அதாவது மகிழ்ச்சி என்ற சொல்லே உறுத்தும். அப்படி ஒருவர் பட்டியலில் இருந்தார். அவருக்கு அட்டையே அனுப்பவில்லை, படம் எதுவும் இல்லாமல் ‘பிங் ஆன்’, அமைதியும் நலமும் என்று மட்டும் ஆன்ட்டி ஒரு செய்தி தட்டிவிட்டார்.

எழுத்து வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது இது. சிங்கப்பூரிலும் சீனாவிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து, ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய எழுத்து. கணினியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஃபா சாய் மாட்டிக்கொள்ளும். ‘பெருகு’ என்பதற்கும் ‘தலைமுடி’ என்பதற்கும் பழைய வடிவத்தில் இரண்டு வெவ்வேறு எழுத்துகள் உண்டு, எளிய வடிவத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மாற்றும் மென்பொருள் தவறானதை எடுத்தால் ஹாங்காங் கூட்டாளிக்குச் செல்வத்துக்குப் பதில் முடி வளரட்டும் என்று போய்ச் சேரும். வான் ஷி ரூ யியில் இந்தத் தொல்லை இல்லை. ஹாங்காங்கில் எனக்கு ஒரே ஒரு கப்பல் ஏஜெண்டுதான், அவர் கோங் ஹேய் ஃபாட் சோய்தான் எதிர்பார்ப்பார் என்று ஆன்ட்டி சொன்னதால் அவருக்கு மட்டும் அதைப் பழைய எழுத்தில் கையால் எழுதி அனுப்பினோம். ஒருவரை வைத்து ஊரையே அளக்க முடியாதுதான்.

இவ்வளவும் நடுவில் இருக்கும் சீன வரிக்கு. விவகாரம் வருவது பெரும்பாலும் அதற்குக் கீழே நாமே சேர்க்கும் ஆங்கில வரிகளில்தான். ‘இந்த ஆண்டும் உங்களுக்கு அடிக்கடி சேவை செய்யக் காத்திருக்கிறோம்’ என்று ஏர்கான் பழுது பார்க்கிறவன் எழுதினால் அதன் அர்த்தம் என்ன, உங்கள் மிஷின் அடிக்கடி கெடட்டும் என்பதுதானே! அதை அடித்துவிட்டு ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்று போட்டோம். நஷ்டம், முடிவு, மூடல், கடைசி மாதிரிச் சொற்களும் வேண்டாம். விடுமுறை அறிவிப்பில் ‘மூடியிருக்கும்’ என்று தொடங்காமல் மறுபடி திறக்கும் தேதியைச் சொல்லி, பக்கத்தில் ‘காய் கோங் தா ஜி’, வேலை தொடக்கம் மங்களமாகட்டும் என்று போட்டால் இரண்டு வேலையும் முடியும். பாக்கி கேட்பதை வாழ்த்தோடு சேர்க்கவே கூடாது. பழைய கடனைப் புத்தாண்டுக்கு முன்பே தீர்ப்பதுதான் அவர்கள் வழக்கம், ஆகவே நினைவூட்டலை சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பண்டிகை நாட்களில் பாக்கி பற்றிப் பேச்சே வேண்டாம்.

உறை வெள்ளையாக இருக்கக் கூடாது, அது சாவு வீட்டு நிறம். பெறுபவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதாதீர்கள், கருப்போ பொன்னிறமோ நல்லது. அட்டையோடு ஏதாவது பரிசு அனுப்பினால் நான்காக வேண்டாம், நான்கின் ஒலி சாவின் ஒலிக்குப் பக்கத்தில் வரும். கடிகாரம் கொடுப்பது ஈமச் சடங்குக்குப் போவது போல ஒலிக்கும், கம்பெனி பெயர் போட்ட மேசைக் கடிகாரத்தைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது அனுப்புவது என்பதில் ஃபோஷானும் சிங்கப்பூரும் ஒன்றல்ல. சீனத் தொழிற்சாலைகளில் ஆட்கள் புத்தாண்டுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஊருக்குக் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள், அதனால் தபாலில் அட்டை அனுப்பினால் அது பூட்டிய அலுவலகத்தில் கிடக்கும். அவர்களுக்கு வீசாட்டில் படம் போதும், முன்கூட்டியே அனுப்புவதாக இருந்தால் ‘பாய் ஸாவ் நியன்’, முன்னதாகவே புத்தாண்டு வாழ்த்து, என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் சரி. சிங்கப்பூர் ஆட்களுக்கு ஒரு வாரம் முன்பு அட்டை கைக்குப் போனால் போதும். யாரையாவது மறந்துபோனால் பதற வேண்டாம், பதினைந்தாம் நாளான சாப் கோ மே வரை வாழ்த்தலாம். 2026-இல் அது மார்ச் 3.